கொள்முதல் பில்லைப் படிக்கும் ஏஐ: விற்க வருபவரிடம் என்ன கேட்பது, எதை வாங்குவது

திருநெல்வேலியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அதில் ஒரு கடை, எலக்ட்ரிக்கல் சாமானும் பைப் ஃபிட்டிங்கும் விற்கும் மொத்த வியாபாரம். மாதத்துக்கு ஏறக்குறைய 450 கொள்முதல் பில் வரும். ஒரு பில்லில் சராசரியாகப் பன்னிரண்டு வரி. அதை டேலியில் கையால் ஏற்ற எட்டு நிமிடம் ஆகிறது. ஆக மாதம் 60 மணி நேரம் இதற்கே போகிறது. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஏஐ படித்து டேலியில் ஏற்றிவிடும் என்று சொல்லி ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள். “தம்பி, எதை வாங்கலாம்னு நீயே பாத்துச் சொல்லு” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் சேவை. பில் அவர்கள் சர்வருக்குப் போய், படிக்கப்பட்டு, டேலிக்குத் திரும்பி வரும். பக்கத்துக்கு 5 ரூபாய். இரண்டாவது, உள்ளூர் டேலி டீலர் தரும் ஆட்-ஆன். நம் கம்ப்யூட்டரிலேயே உட்காரும், வருடத்துக்கு ஒரே கட்டணம் 18,000 ரூபாய். மூன்றாவது, ஏஐ எதுவும் வாங்காமல் இருப்பதையே ஒழுங்குபடுத்துவது. மூன்றாவதையும் சரிக்குச் சமமாக வைத்து ஒப்பிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். விற்க வருபவர் அந்த வழியைப் பற்றிப் பேசவே மாட்டார்.

துல்லியம்: எதன் சதவீதம்?

இரண்டு பேருமே 98 சதவீதம் துல்லியம் என்றார்கள். எதில் 98 என்பதுதான் முதல் கேள்வி. எழுத்திலா, கட்டத்திலா, முழு பில்லிலா?

பன்னிரண்டு வரி உள்ள பில்லில் ஒவ்வொரு வரிக்கும் பொருள் பெயர், எச்எஸ்என், அளவு, விலை, தள்ளுபடி, தொகை என்று ஆறு கட்டம், மொத்தம் 72. மேலே ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, கீழே வரி, ரவுண்ட் ஆஃப், மொத்தம் போன்ற இன்னும் எட்டு சேர்த்தால் 80. ஒவ்வொரு கட்டமும் 98 சதவீதம் சரியாக வந்தால், 80 கட்டமும் ஒருசேரச் சரியாக வரும் பில் நூற்றுக்கு இருபதுதான். 99.5 சதவீதம் என்றால்கூட அறுபத்தேழு. பிழைகள் மங்கலான சில பில்களிலேயே குவிவதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் 98 என்று கேட்டதும் ‘நூற்றுக்கு இரண்டு பில்தானே தப்பு’ என்று மனம் போடும் கணக்கு தவறு. ஒரு விற்பனையாளர் இந்தக் கேள்விக்கு, ‘கட்டம்தான் சார், முழு பில் கணக்கு எங்ககிட்ட இல்லை’ என்று நேராகச் சொன்னார். அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. தப்பாகப் படித்ததை அது தானே சந்தேகப்பட்டுக் காட்டுமா? காட்டாமல் பச்சை விளக்கோடு டேலிக்குள் போகும் பிழைதான் நமக்கு ஆபத்து. மஞ்சள் காட்டும் பில்லை நாம் எடுத்துப் பார்த்துவிடுவோம்; பச்சையை யாரும் பார்ப்பதில்லை.

இதில் பாதி வேலைக்கு ஏஐயே தேவையில்லை. ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்தாவது எழுத்து, முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து. 8 என்பதை B என்றோ, 5 என்பதை S என்றோ படித்தால் அந்தக் கணக்கு உதைக்கும். அதேபோல அளவு, விலை, தள்ளுபடியிலிருந்து ஒவ்வொரு பொருளின் தொகையும், அவற்றோடு ஜிஎஸ்டியையும் ரவுண்ட் ஆஃபையும் கூட்டினால் பில் மொத்தமும் வர வேண்டும். ‘இந்த இரண்டு சோதனையும் உங்களிடம் உண்டா, செய்து காட்டுங்கள்’ என்று கேட்டேன். இரண்டிலும் கூட்டல் சோதனை இருந்தது. ஜிஎஸ்டி எண் சோதனை ஆன்லைன் சேவையில் மட்டும் இருந்தது.

கூட்டல் சோதனைக்குத் தப்பும் பிழைகளும் உண்டு. அதை அண்ணாச்சி கடையில்தான் நேரில் பார்த்தேன். ஒயர் பில் ஒன்று. பொருள் பெயர் `FRLS 2.5 RD 90M`, அளவு 5, அதாவது 90 மீட்டர் சுருள் ஐந்து. ஒரு புராடக்ட் இந்தத் 90ஐயும் ஐந்தையும் பெருக்கி, அளவு 450 என்றும், விலையை அதற்கேற்ப 90-ஆல் வகுத்தும் போட்டுவிட்டது. தொகை பைசா பிசகாமல் பொருந்தியது. ஜிஎஸ்டி சரி, மொத்தம் சரி, பச்சை விளக்கு. ஆனால் டேலியில் அந்த ஒயருக்கு அலகு சுருள். ஸ்டாக்கில் 450 சுருள் ஏறியது. அண்ணாச்சி திரையைப் பார்த்துவிட்டு, “நம்ம குடோனையே காலி பண்ணி அடுக்கினாலும் இம்புட்டு நிக்காதே” என்றார். இப்படி ஏறினது தெரியாமல் போனால், ஸ்டாக் இருக்கிறது என்று நம்பி ஆர்டர் போடாமல் விட்டு, சீசன் நடுவில் கையை விரிக்க வேண்டியதுதான்.

இன்னொரு பில்லில் அச்சடித்த அளவு 10. பக்கத்தில் சரக்கு இறக்கிய பையன் பால்பாயிண்ட் பேனாவில் ‘2 குறைவு’ என்று எழுதியிருந்தான். இரண்டு புராடக்டுமே அச்சை மட்டும் படித்து 10 என்று ஏற்றின. அச்சைப் படித்ததில் பிழையில்லை, வந்த சரக்குதான் எட்டு. ‘பேனாவில் எழுதியிருந்தால் என்ன செய்யும்’ என்று கேட்டதற்கு ஒருவர், பில்மேல் கையெழுத்து இருந்தால் மஞ்சளாக நிறுத்தும்படி செட்டிங் இருக்கிறது என்று காட்டினார். அதைப் போட்டபிறகு நிறுத்தியது. மற்றவரிடம் அப்படி ஒன்று இல்லை.

வரி விகிதத்தைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. ஏசி 28லிருந்து 18க்கு இறங்கியது. புராடக்ட் தாளில் உள்ள விகிதத்தைப் படிக்கிறதா, அதே பொருளின் பழைய பதிவைப் பார்த்து ஊகிக்கிறதா? அந்தத் தேதிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஏசி பில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்களிடம் வந்த இரண்டுமே தாளைத்தான் படித்தன.

ஐம்பது பில் சோதனை

விற்பவர் கொண்டுவரும் மாதிரி பில்லில் சோதிப்பதால் பயனில்லை. அவை வெள்ளைத் தாளில் லேசர் அச்சு. நாங்கள் எங்கள் ஃபைலிலிருந்தே ஐம்பது எடுத்தோம். சாதாரணக் கம்ப்யூட்டர் பில் இருபது, மங்கிப்போன டாட் மேட்ரிக்ஸ் பில் பத்து, உள்ளூர் லேத்துக்காரர் கையால் எழுதியது பத்து, இரண்டு மூன்று பக்கம் ஓடுவது ஐந்து, பேனாத் திருத்தம் உள்ளது ஐந்து. ஐம்பதுக்கும் சரியான பதிவு டேலியில் ஏற்கனவே கையால் ஏற்றி இருந்ததால் ஒப்பிடுவது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.

ஆன்லைன் சேவையில் 31 பில் முழுக்கச் சரி, 19 தப்பு. அந்தப் பத்தொன்பதில் 14 மஞ்சள் காட்டியது, 5 பச்சையில் போனது. சரியாகப் படித்த நான்கையும் வீணாக மஞ்சள் காட்டியது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆட்-ஆனில் 27 சரி, 23 தப்பு. கூட்டல் சோதனையில் மாட்டியது 11, பச்சையில் போனது 12.

சரியான பில் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கின்றன. சத்தமில்லாமல் போகும் பிழையைப் பார்த்தால் ஒன்று ஐந்து, மற்றது பன்னிரண்டு. மாதம் 450 பில்லுக்கு அது 45 ஆகவும் 108 ஆகவும் வளரும். எங்கள் மாதிரியில் கஷ்டமான பில்களை வேண்டுமென்றே அதிகம் சேர்த்திருந்தோம், அதனால் நிஜ எண்ணிக்கை குறையும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும் மறையாது.

பில் எங்கே போகிறது?

கொள்முதல் பில்லில் வியாபாரியின் உயிர்நாடி இருக்கிறது. எந்த டிஸ்ட்ரிபியூட்டர் எத்தனை சதவீதம் தள்ளுபடி தருகிறார் என்பது பக்கத்துக் கடைக்குத் தெரியக் கூடாத விஷயம். அந்தப் பக்கத்துக் கடையும் நாளை இதே சேவையை வாங்கலாம். ஆகவே ‘டேட்டா பாதுகாப்பாக இருக்குமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நூறு சதவீதம் சார்’ என்ற பதில்தான் வரும். பில் போகும் வழியைக் கேட்க வேண்டும்.

பில்லைப் படிப்பது உங்கள் சொந்த மாடலா, வேறு கம்பெனியின் மாடலா? வேறு கம்பெனி என்றால் அங்கே எத்தனை நாள் தங்கும்? மஞ்சள் பில்லை உங்கள் ஆட்கள் கண்ணால் பார்த்துத் திருத்துகிறார்களா? நாங்கள் திருத்தியதை வைத்து மற்றவர்களுக்கான மாடலைப் பழக்குகிறீர்களா, வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா?

இங்கே எனக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. ‘எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும்’ என்று விற்கப்பட்ட ஆட்-ஆன், இன்டர்நெட்டைப் பிடுங்கியதும் வேலை செய்யவில்லை. படிக்கும் வேலையை அது வெளியே உள்ள வேறொரு கம்பெனியின் ஏஐக்கு அனுப்பித்தான் செய்கிறது. எந்தக் கம்பெனி என்று டீலருக்கே தெரியவில்லை. ஆன்லைன் சேவைக்காரர், யாருடைய மாடல், எத்தனை நாள் தங்கும், திருத்துவதற்கு ஆட்கள் உண்டு என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே தந்தார். பில்கள் வெளியே போவது இரண்டிலும் உண்டு. ஒன்றில் எங்கே போகிறது என்று தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது அரை நிமிடச் சோதனை, யாரும் செய்யலாம்.

ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியை எடுக்க வேண்டுமென்றால் தளத்திலேயே ஏபிஐ அனுமதியைத் திறந்து, ஓடிபி மூலம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம். அதிகபட்சம் 30 நாள். ‘அது சுத்தி வளைக்கிற வேலை, பாஸ்வேர்டு குடுத்துருங்க’ என்பவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் உள்ள விற்பனை பில்லையும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிடும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகும். வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும் பொறுப்பு கடைக்காரரிடமே இருக்கும் என்கிறது அந்தச் சட்டம். நாங்கள் கொள்முதல் பில்லோடு நிறுத்திக்கொண்டோம்.

பத்தொன்பதாம் தேதி இரவு

எங்கள் மாதம் இரண்டு தேதிகளுக்கு நடுவில் நசுங்கும். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும், 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். அந்த ஆறு நாளில் டேலியில் உள்ள கொள்முதலையும் 2பியையும் ஒத்துப்பார்த்து முடிக்க வேண்டும். புராடக்ட் நின்றுபோவதும் அப்போதுதான், ஏனென்றால் எல்லாக் கடையும் மீதமிருக்கும் பில்லை அன்றைக்குத்தான் கொட்டுகிறது.

‘24 மணி நேர சப்போர்ட்’ என்பதை நான் பொருட்படுத்துவதில்லை. வாங்கும் முன்பே 18ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன். ஆன்லைன் சேவையில் சாட்டில் பதில் வரும் என்றார்கள். ஐம்பது நிமிடம் கழித்து ஒரு ஆள் வந்தார், தமிழ் தெரியாதவர். டீலர் இரண்டாவது மணியிலேயே எடுத்து, ‘நாளைக்குக் காலையில ஆளை அனுப்புறேன்’ என்றார். இதில் உள்ளூர்க்காரருக்குத்தான் முழு மதிப்பெண்.

கேட்க வேண்டிய இன்னொன்று: டேலி புது வெர்ஷன் வந்து இணைப்பு அறுந்தால் யார் சரிசெய்வது, எத்தனை நாளில்? இந்தச் சேவைகள் பெரும்பாலும் டேலியோடு 9000 என்ற போர்ட் வழியாகப் பேசுகின்றன. கம்ப்யூட்டர் மாற்றினாலோ, ஆன்டிவைரஸ் தடுத்தாலோ பேச்சு நின்றுவிடும். அப்போது ஏஐ கம்பெனி டேலியைக் கைகாட்டும், டேலி டீலர் ஏஐ கம்பெனியைக் கைகாட்டுவார். இதையும் எழுத்தில் கேட்டோம். இணைப்பு அறுந்திருந்தால் படித்த பில்களை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி நாமே டேலியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆன்லைன் சேவைக்காரர் காட்டினார். 19ஆம் தேதி இரவு யாரும் போன் எடுக்காவிட்டாலும் அந்தப் பாதை திறந்திருக்கும் என்பதால், சப்போர்ட்டில் அவர் இழந்த மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுத்தேன்.

விட்டு வர முடியுமா?

மாட்டிக்கொள்வது என்றால் வருட ஒப்பந்தமும் முன்பணமும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த வகைப் புராடக்டில் கட்டிப்போடுவது வேறொன்று. சப்ளையர் ஒவ்வொருவரும் ஒரே பொருளுக்கு ஒவ்வொரு பெயர் போடுவார்கள். ஒருவர் `FRLS 2.5 RD 90M` என்பார், இன்னொருவர் `2.5SQ RED COIL` என்பார். நம் டேலியில் அது ‘2.5 ஒயர் சிவப்பு’. எது எதற்குச் சமம் என்று நாம் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் புராடக்ட் ஒரு அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறது. ஆறு மாதத்தில் அது ஆயிரக்கணக்கான வரியாகிவிடும். நாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த உழைப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. வேறு சேவைக்கு மாறும்போது அந்த அட்டவணை கூட வராவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே ‘என் டேட்டாவை இறக்கிக்கொள்ளலாமா’ என்று கேட்காமல், ‘பொருள் பெயர் அட்டவணையை சிஎஸ்வியாக இன்றைக்கே இறக்கிக் காட்டுங்கள்’ என்று சோதனைக் காலத்தின் மூன்றாம் நாளே கேட்டேன். ஆன்லைன் சேவையில் வந்தது. ஆட்-ஆனில் அது தனி வடிவத்தில் பூட்டியிருந்தது. டீலராலும் திறக்க முடியவில்லை.

பில் படங்களைப் பற்றியும் கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தினால் படங்கள் 30 நாளில் அழியும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. காகித பில்லைத் தூக்கிப்போடக் கூடாது என்று அன்றைக்கே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

கட்டணத்தில் ஒரு சின்ன முடிச்சு. விலை பில்லுக்கு அல்ல, பக்கத்துக்கு. எங்கள் 450 பில், 700 பக்கம். மாதம் 2,250 என்று அண்ணாச்சி போட்ட கணக்கு 3,500 ஆனது.

மூன்றாவது வழியின் கணக்கு

வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய சப்ளையர்கள் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ்தான் போட வேண்டும். அந்தப் பில்லில் உள்ள க்யூஆரில் இரு தரப்பு ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் அரசுத் தளத்தின் கையெழுத்தோடு இருக்கும். ஸ்கேன் செய்தால் பிழையே இல்லை. படிக்க ஏஐ வேண்டாம். ஆனால் பொருள் வரிகள் அதில் இருக்காது. அதற்காகப் பெரிய டிஸ்ட்ரிபியூட்டர்கள் நான்கு பேரிடம் பில்லோடு எக்ஸல் கோப்பும் மெயிலில் அனுப்ப முடியுமா என்று கேட்டோம். நான்கு பேருமே சம்மதித்தார்கள். இத்தனை வருடம் நாங்கள் கேட்டதே இல்லை. மாதம் 160 பில் அப்படி வந்துவிடும், பில்லுக்கு ஒரு நிமிடம் போதும். மிச்சம் 290 கையால் ஏற்றினால் 39 மணி நேரம். ஆக செலவே இல்லாமல் 60 மணி நேரம் ஏறக்குறைய 41க்கு வந்தது.

அந்த நான்கு பேரின் பில்தான் நீளமானது, பக்கம் அதிகமானது. அவற்றை எடுத்துவிட்டால் ஏஐக்குப் போவது 290 பில், 340 பக்கம். மாதம் 1,700 ரூபாய். சோதனையில் மஞ்சள் விழுந்த விகிதப்படி அதில் 104 பில்லைப் பில்லுக்கு நான்கு நிமிடம் பார்க்க வேண்டும், மற்றவற்றை ஒரு நிமிடம். பத்து மணி நேரம். எக்ஸலையும் சேர்த்தால் 13 மணிக்குள் முடிகிறது. எல்லாப் பில்லையும் ஏஐக்கே கொடுத்திருந்தால் 16 மணியும் 3,500 ரூபாயும் ஆகியிருக்கும்.

அண்ணாச்சி நான்கு பேரிடம் எக்ஸல், மற்றதற்கு ஆன்லைன் சேவை என்று முடிவு செய்தார். வருடச் சந்தாவுக்கு 20 சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். மாதச் சந்தாதான் எடுத்தோம், ஏனென்றால் பின்னால் உள்ள மாடலை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாறினால் துல்லியம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். உங்கள் பில்கள் பெரும்பாலும் சுத்தமான கம்ப்யூட்டர் அச்சாக இருந்து, ஸ்டாக்கை டேலியில் வைக்காமல் தொகையை மட்டும் ஏற்றுபவராக இருந்தால், அந்த உள்ளூர் ஆட்-ஆனே போதுமானதாக இருந்திருக்கும். ஒயர் சுருள் மாதிரியான பிழை உங்களைத் தொடாது, போன் எடுக்க ஆளும் பக்கத்தில் இருப்பார்.

அந்த ஐம்பது பில்லையும் தனி ஃபைலில் கட்டி, மேலே ‘சோதனை’ என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஐம்பதையும் திரும்ப ஏற்றி, பச்சையில் போகும் தப்பு ஐந்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறேன். மாதம் பிறந்ததும் பொருள் பெயர் அட்டவணையை இறக்கிப் பென்டிரைவில் போட்டு அண்ணாச்சியின் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுகிறேன். சுருள் கணக்கில் வரும் பொருள்கள் நாற்பத்தொன்றையும் எப்போதும் மஞ்சளாக நிறுத்தும்படி சேவைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு ஆகிவிட்டது, இன்னும் மூன்று பாக்கி.